வீடியோவின் மூலத்தைத் தேட ஃபிரேம் தேடல்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவந்தவை

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வீடியோ முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று கண்டுபிடிக்க, அதிலிருந்து சில ஃபிரேம்களைப் பிரித்தெடுத்துப் படத் தேடலில் போடும் முறை இது. அன்றாட வேலையாகவே இதைச் செய்துவருகிறோம். கருவிகள் மாறியிருக்கின்றன, மெனுக்கள் இடம் மாறியிருக்கின்றன. ஆனால் புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. தேடுபொறி வீடியோவுக்குள் எட்டிப் பார்க்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது பார்ப்பதில்லை. அதன் கிடங்கில் இருப்பவை பெரும்பாலும் தம்ப்நெயில் படங்களும், செய்தித் தளங்கள் வீடியோவிலிருந்து வெட்டிப் போட்ட படங்களும்தான். நாற்பது வினாடி வீடியோவில் ஆயிரத்துக்கு மேல் ஃபிரேம்கள் இருக்கும். அவற்றில் இணையத்தில் படமாகக் கிடப்பவை இரண்டோ மூன்றோ. ஆகவே நம் கண்ணுக்கு எது அழகாகத் தெரிகிறது என்பது முக்கியமில்லை. இதே வீடியோவை ஏற்றிய இன்னொருவர் எந்தக் காட்சியை முகப்புப் படமாக வைத்திருப்பார் என்று யோசித்து ஃபிரேமைத் தேர்வதுதான் பாதி வேலை. அலை சுவரைத் தாண்டும் நொடி, கட்டடம் சாயத் தொடங்கும் நொடி என்று நிகழ்வின் உச்சம் ஒன்று. வீடியோவின் நடுப்பகுதி இன்னொன்று, யூடியூப் தானாக எடுக்கும் தம்ப்நெயில்கள் தொடக்கத்தில் இருந்து அமைவது குறைவு. மூன்றாவதாக, கடைப்பலகையோ கோபுரமோ தெளிவாக விழும் ஓர் அகலமான காட்சி. இது வீடியோ கிடைக்காவிட்டாலும் இடத்தையாவது காட்டிக்கொடுக்கும்.

ஃபிரேம் பிரிக்க InVID-WeVerify என்ற பிரவுசர் நீட்சியே பலருக்குப் போதும். இணைப்பையோ கோப்பையோ கொடுத்தால் கீஃபிரேம்கள் எனப்படும் முக்கியக் காட்சிப் படங்களை வரிசையாகக் காட்டும், படத்தின் மேல் வலது கிளிக் செய்து நேரே தேடலாம். கணினியிலேயே வைத்துச் செய்ய ffmpeg என்ற கட்டளைவரி நிரல் நல்லது:

```
ffmpeg -i clip.mp4 -vf "select='gt(scene,0.3)'" -fps_mode vfr s_%03d.png
```

காட்சி மாறும் இடங்களில் மட்டும் இது படம் எடுக்கும். (பழைய பதிப்புகளில் `-fps_mode vfr` என்பதற்குப் பதில் `-vsync vfr` என்று எழுத வேண்டும்.) இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கைபேசியில் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோவில் காட்சி மாற்றம் என்று ஒன்று கிடையாது, அதனால் ஒரு படமும் வராது. கட்டளை பிழை என்று நினைத்து அங்கேயே நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீடியோவுக்கு இரண்டு வினாடிக்கு ஒரு படம் என்று எடுத்துவிடுங்கள்:

```
ffmpeg -i clip.mp4 -vf fps=1/2 t_%03d.png
```

வந்த படங்களைக் கோப்பு அளவின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே காட்சியின் படங்களில் கேமரா ஆடி மங்கியது சிறிய கோப்பாகவும், கூர்மையானது பெரிய கோப்பாகவும் அமையும். நுண்விவரம் கூடக் கூட PNG சுருங்க மறுக்கும் என்பதே காரணம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைவிட இது வேகம்.

அடுத்தது படத்தைத் துலக்குவது. இந்தப் படியை விட்டுவிட்டு “தேடல் வேலை செய்யவில்லை” என்று சொல்பவர்கள்தான் அதிகம். அகலமாக எடுத்த வீடியோவை நெட்டையாக மாற்றும்போது மேலும் கீழும் மங்கலான பட்டை சேர்ப்பார்கள், அதன்மேல் பெரிய எழுத்தில் தலைப்பு ஒட்டுவார்கள். தேடுபொறி அந்த எழுத்தையும் பட்டையையும் சேர்த்தே படமாக எடுத்துக்கொண்டு, அதே மாதிரி தலைப்பு ஒட்டிய வேறு வீடியோக்களைக் கொண்டுவந்து கொட்டும். 720 × 1280 அளவுள்ள நெட்டை வீடியோவின் நடுவே 16:9 காட்சி இருந்தால் அதன் உயரம் ஏறக்குறைய 405 பிக்சல். அதை மட்டும் வெட்டி, கூடவே இடவலம் திருப்பிய நகல் ஒன்றையும் எடுத்துக்கொள்ள:

```
ffmpeg -i t_009.png -vf crop=720:404:0:438 c.png
ffmpeg -i c.png -vf hflip c_flip.png
```

திருப்பிய நகல் எதற்கு? பதிப்புரிமைச் சோதனையிலிருந்து தப்பிக்க வீடியோவை இடவலம் மாற்றி ஏற்றுவது பழைய தந்திரம். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே இல்லை. எழுத்தே இல்லாத காட்சியில் கண்ணால் சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் தேடுவதே எங்கள் வழக்கம்.

தேடுபொறிகளைப் பற்றி. கூகுள் லென்ஸ் முதலில் காட்டுவது “இதைப் போன்றவை”. கடல் படம் கொடுத்தால் உலகத்துக் கடலெல்லாம் வரும். அந்தப் பக்கத்தில் நிற்காமல் துல்லியப் பொருத்தங்களுக்கான பிரிவுக்குப் போக வேண்டும். யாண்டெக்ஸ் கட்டடம், தெரு, நிலப்பரப்பு ஆகியவற்றில் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. வேறு கோணத்தில் எடுத்த அதே இடத்தையும் சில நேரம் பிடித்துவிடும். TinEye எனப்படும் டின்ஐ வேறு ரகம். ஒத்த படத்தை அது தேடாது, அதே படத்தின் நகல்களைத்தான் தேடும். முடிவுகள் குறைவு, ஆனால் வந்தால் நம்பலாம். பழையது முதலில் என்று வரிசைப்படுத்தும் வசதி அதன் பெரிய பலம். ஆனால் அங்கே காட்டும் தேதி டின்ஐ அந்தப் படத்தை முதலில் கண்ட தேதிதான், படம் ஏற்றப்பட்ட தேதி அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட சரிபார்ப்புகள் உண்டு.

ஒரு வீடியோவை எடுத்து இதை முழுதாகப் பார்ப்போம். 2011 மார்ச் 11 ஆம் தேதி ஜப்பானின் மியாகோ நகரில், நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த சுனாமியின் கறுத்த நீர் கடற்சுவரைத் தாண்டி வழிந்து, படகுகளையும் வண்டிகளையும் புரட்டிக்கொண்டு வரும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். எங்காவது நிலநடுக்கம் என்றால் இதுபோன்ற காட்சிகள் “இன்று காலை” என்ற தலைப்போடு திரும்ப வரும். பட்டை சேர்த்து, எழுத்து ஒட்டி, இடவலம் மாற்றிய நாற்பது வினாடித் துண்டாக அது கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே ஓட்டமான காட்சி, ஆகவே இரண்டு வினாடிக்கு ஒன்று என்று இருபது படங்கள். தேடலுக்கு அவற்றில் மூன்று போதும். நீர் சுவர்மேல் வழியும் நொடி முதலாவது. இதைத்தான் எல்லோரும் தம்ப்நெயிலாக வைப்பார்கள். படகு கவிழும் நொடி இரண்டாவது. எதிர்க்கரைக் கட்டடங்கள் தெளிவாக விழும் படம் மூன்றாவது. பட்டையை வெட்டி, திருப்பிய நகலோடு தேடினால் 2011-ஐச் சேர்ந்த செய்திப் பக்கங்களும் யூடியூப் பதிவுகளும் கிடைக்க வேண்டும். கிடைத்த பக்கத்தில் ஊர்ப்பெயர் தெரிந்ததுமே படத் தேடலை விட்டுவிட்டுச் சொல் தேடலுக்குத் தாவுங்கள், அதுவும் அந்த ஊர் மொழியில். யூடியூபில் “மியாகோ சுனாமி” என்பதை ஜப்பானிய எழுத்தில் `宮古 津波` என்று தேடினால் ஆங்கிலத் தலைப்பில் ஒருபோதும் மேலே வராத பதிவுகள் வரும். முதலில் ஏற்றியவர் தன் மொழியில்தான் தலைப்பு வைத்திருப்பார்.

இனிதான் உண்மையான சிக்கல். ஒரே நிகழ்வைப் பலர் பல இடங்களில் நின்று எடுத்திருப்பார்கள். அதே சுவர், அதே அலை, ஆனால் வேறு கேமரா. மூலம் கிடைத்துவிட்டது என்று இங்கே தவறாக முடிவு கட்டுவது எளிது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அருகிலுள்ள ஒரு கம்பத்தையும் தூரத்துக் கட்டடத்தின் ஒரு மூலையையும் பாருங்கள். உங்கள் துண்டில் கம்பம் ஒரு குறிப்பிட்ட சன்னலை மறைக்கிறது, கிடைத்த வீடியோவில் அது இரண்டு சன்னல் தள்ளி நிற்கிறது என்றால் கேமரா நின்ற இடம் வேறு. ஜூம் செய்தாலும் ஓரம் வெட்டினாலும் இந்த உறவு மாறாது. கேமரா நகர்ந்தால்தான் மாறும். கையில் பிடித்து நடந்துகொண்டே எடுத்த வீடியோ என்றால், ஒரே நிகழ்வு நொடியில் இரண்டையும் நிறுத்திவைத்து ஒப்பிட வேண்டும்.

அதே கேமராதான் என்று உறுதியானால், எது மூலத்துக்கு நெருக்கம் என்பதை ஓரங்கள் சொல்லும். நகலெடுப்பவர் ஓரத்தை வெட்ட முடியும், இல்லாத காட்சியைச் சேர்ப்பது எளிதல்ல. நான்கு பக்கமும் அதிகம் தெரிவது, முன்னும் பின்னும் நீண்டு ஓடுவது, எந்தச் சின்னமும் ஒட்டாதது, இயல்பான ஒலி உள்ளது எதுவோ அது மேல்நிலையில் இருக்கிறது. பிக்சல் அளவை மட்டும் நம்ப வேண்டாம், மங்கிய நகலைப் பெரிதாக்கி ஏற்ற யாராலும் முடியும்.

தேதியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த நிலநடுக்கம் ஜப்பான் நேரப்படி பிற்பகல் 2:46க்கு நிகழ்ந்தது. உலகப் பொது நேரப்படி அது அதிகாலை 5:46. அமெரிக்கப் பசிபிக் கரையில் அப்போது மார்ச் 10 இரவு 9:46. யூடியூப் பக்கங்கள் பசிபிக் நேரப்படி தேதி காட்டிய காலத்தில், நிகழ்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றிய வீடியோவில் மார்ச் 10 என்றே இருக்கும். நேர வேறுபாடு தெரியாதவருக்கு, நிகழ்வுக்கு முன்பே வீடியோ வந்துவிட்டதுபோலத் தோன்றும், சதிக்கதையும் பிறந்துவிடும். பக்கத்தில் தெரியும் தேதியை விட்டு, பொது நேரத்தில் மணி, நிமிடத்தோடு பதிவு நேரத்தைத் தரும் கருவியில் பாருங்கள். InVID-யிலும் அந்த வசதி உண்டு. வாட்ஸ்அப் வழியே வந்த கோப்பின் உள்தகவலைத் தோண்டுவது வீண் வேலை. வழியில் வீடியோ மறுபடி சுருக்கப்படுவதால் எடுத்த நாளும் கருவியும் அதில் தங்காது.

இந்த முறை எட்டாத இடங்களும் இருக்கின்றன. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டெலிகிராம் போன்றவற்றின் உள்ளே கிடப்பதில் பெரும்பகுதி தேடுபொறிக்குத் தெரியாது. முதல் பதிவு அங்கே என்றால், அதை எடுத்துப் போட்ட செய்திப் பக்கம் வரைதான் ஃபிரேம் கொண்டுபோகும். அங்கிருந்து பயனர் பெயரைப் பிடித்துக் கையால்தான் போக வேண்டும். டிக்டாக் வீடியோவில் பயனர் பெயர் மூலைக்கு மூலை தாவும். சின்னத்தை அழித்தவர்கள் ஒரு மூலையில் விட்டுவிடுவதுண்டு, ஆகவே எல்லாப் படங்களின் மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் ஏற்றிய புத்தம் புதிய வீடியோவுக்குப் பொருத்தம் எதுவும் வராது. அதைக் கொண்டு வீடியோ புதியது என்று முடிவு செய்யவும் முடியாது. பழைய வீடியோவின் தம்ப்நெயிலாக அமையாத ஃபிரேமைக் கொடுத்தாலும் இதே வெற்றுப் பக்கம்தான் வரும். வேறு ஐந்து ஃபிரேம், இடவலம் திருப்பியவை, மூன்று தேடுபொறி என்று போட்டும் வராவிட்டால் “மூலம் கிடைக்கவில்லை” என்று மட்டும் குறித்துவைத்து, ஒரு நாள் கழித்து அதே படங்களோடு மறுபடி தேடுகிறோம்.