கிரேடட் ரீடரா, நேரடி நாவலா: பி1-இலிருந்து பி2-க்கு எந்த வழி?

ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி ஆங்கிலத்தில் பி1 என்ற இடைநிலையை எட்டியவருக்கு மின்னஞ்சல் எழுத வரும், செய்தியும் ஓரளவு புரியும். ஆனால் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே திணறல் தொடங்கிவிடும். வாசித்தே அடுத்த படியான பி2-க்குப் போக நினைப்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சொல் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, கற்பவர்களுக்கென்றே எழுதிய கிரேடட் ரீடர்கள். மற்றொன்று, அகராதியும் கையுமாக நேரடி நாவல்.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறீர்கள். உங்கள் நிலைக்கு ஏற்ற கிரேடட் ரீடரில் நிமிடத்துக்கு 130 சொல் ஓடும் என்றால் ஒரு நாளைக்கு 3,900 சொல். 25,000 சொல் கொண்ட புத்தகம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நாவலில் அகராதியைத் திறந்து திறந்து வேகம் 60-ஆகக் குறைந்தால் ஒரு நாளைக்கு 1,800 சொல்தான். 80,000 சொல் நாவலுக்கு ஏறக்குறைய 44 நாள் வேண்டும். அதே 44 நாளில் கிரேடட் ரீடர் ஏறக்குறைய ஏழு முடித்திருப்பீர்கள்.

இந்த வேகம் முக்கியமாவதற்குக் காரணம் மறதி. ஒருமுறை பார்த்த சொல் நிலைக்காது. மறப்பதற்குள் அது திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும். ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லை நாவலின் 40-ஆம் பக்கத்தில் அகராதியில் பார்க்கிறீர்கள். அடுத்து அது 210-ஆம் பக்கத்தில் வந்தால், இடையில் ஒரு மாதம் போயிருக்கும். மறுபடியும் அகராதிதான். கிரேடட் ரீடரில் சொல் வட்டம் சிறியது என்பதால் அதே சொல் சில நாட்களுக்குள் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே பி1-இல் இருப்பவருக்கு முதல் வழி கிரேடட் ரீடர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அட்டையிலுள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் தொடரின் 5-ஆம் நிலையில் 1,800 தலைச்சொற்கள், அதாவது அந்த நிலைக்கு வரம்பாக வைத்த அடிப்படைச் சொற்கள். கேம்பிரிட்ஜ் இங்கிலிஷ் ரீடர்ஸ் தொடரின் 5-ஆம் நிலையிலோ 2,800. நடுப்பக்கம் ஒன்றில் 100 சொல் எண்ணி, தெரியாதவற்றின் கீழ் கோடு போடுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயரை விட்டுவிடலாம். இரண்டு வரை இருந்தால் அந்த நிலை உங்களுக்குப் பொருந்தும். ஐந்து இருந்தால் ஏறக்குறைய இரண்டு வரிக்கு ஒரு தடை. ஒரு சொல்லை ஊகிக்க உதவ வேண்டிய பக்கத்துச் சொல்லும் தெரியாமல் போகும்.

இந்தச் சோதனையில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘புட் அப் வித்’ என்பதில் மூன்று சொல்லும் தெரிந்தவைதான். ‘பொறுத்துக்கொள்’ என்ற பொருள் மட்டும் தெரியாது. கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதையும் தெரியாததாகவே எண்ண வேண்டும். பி1-க்கும் பி2-க்கும் உள்ள இடைவெளியில் இப்படிப்பட்ட சேர்க்கைகளுக்கும் முக்கியப் பங்கு உண்டு. கிரேடட் ரீடரின் குறையும் இங்கேதான் இருக்கிறது: எளிமையாக்கும்போது முதலில் வெட்டுப்படுபவற்றில் இவையும் அடக்கம்.

இன்னொரு குறை உயரம். புக்வார்ம்ஸின் கடைசி நிலை 2,500 தலைச்சொல், கேம்பிரிட்ஜின் கடைசி நிலை 3,800. ஆனால் அகராதி இல்லாமல் நாவல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்கு. ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். கடைசி கிரேடட் ரீடரை மூடிவிட்டு நேராகப் பெரியவர்களுக்கான நாவலுக்குத் தாவுகிறவர்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான்.

இடையில் போட வேண்டிய பாலம், ஒரே எழுத்தாளர் பதின்வயதினருக்கு எழுதிய தொடர்வரிசை நாவல்கள். இப்படி ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து வாசிப்பதை மொழிக்கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் நேரோ ரீடிங் என்றார். அதே பாத்திரங்கள், அதே களம், அதே எழுத்தாளரின் பிடித்தமான சொற்கள். முதல் புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள் கடினமாகத்தான் இருக்கும்; 100-க்கு நான்கைந்து தெரியாத சொல் வந்தாலும் அங்கே பொறுக்கலாம். திரும்பத் திரும்ப வரும் சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்திலும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அந்தத் தொடரை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அகராதி வாசிப்பை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. பிடித்த நாவலில் தினமும் ஒரே ஒரு பக்கம், ஒவ்வொரு சேர்க்கையையும் பிரித்துப் பார்த்துப் படிக்கலாம். அதை அரை மணிக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்; சேர்த்தால் முதலில் அடிபடுவது ஓட்டமான வாசிப்புதான்.

எப்போது நிலை மாறுவது? ஒரே நிலையில் ஐந்து புத்தகம் முடித்த பிறகும் பக்கத்துக்குப் பக்கம் பின்னால் திரும்பிப் படிக்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு அங்கேயே படியுங்கள். மாறாக, பக்கம் முழுக்க ஒரு புதுச் சொல்கூடத் தட்டுப்படவில்லை என்றால், கதை எவ்வளவு இழுத்தாலும் அடுத்த புத்தகத்தை மேல் நிலையிலிருந்து எடுங்கள்.