பிரபலமான விருந்தினரை அறிமுகம் செய்ய: பட்டமா, பதவியா, பணியா?

ஊரறிந்த ஒருவரை மேடையில் அறிமுகம் செய்யும்போதுதான் கட்சியும் மதமும் சாதியும் பேச்சில் எளிதாக நுழைந்துவிடுகின்றன. பாராட்டுகிறோம் என்ற நினைப்பில் நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அப்துல் கலாம் வந்திருப்பதாக வைத்துக்கொண்டு, வழக்கத்தில் உள்ள மூன்று வழிகளையும் பார்ப்போம்.

முதல் வழி, புகழுரை. "இஸ்லாமியராக இருந்தும் வீணை வாசிப்பவர், கீதை படிப்பவர்" என்று கலாமைப் பற்றிப் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அரங்கில் அமர்ந்திருக்கும் முஸ்லிம் மாணவிக்கு அது எப்படிக் கேட்கும்? அவளுடைய மதத்தவரிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றை இவர் செய்துவிட்டார் என்றுதானே? "ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து உயர்ந்தவர்" என்ற வாசகமும் இதே தவறைத்தான் செய்கிறது. விருந்தினரைக் கேட்காமலேயே அவரது சாதியை ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுகிறது. கட்சிக்காரர்கள் தம் தலைவருக்குச் சூட்டிய பட்டங்களும் பொதுமேடைக்கு வேண்டாம். இந்த வழியை நான் முற்றாக ஒதுக்குகிறேன்.

இரண்டாவது, பதவியும் ஆண்டும். "2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர்." இதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் "அன்றைய அரசு இனம்கண்டு அமர்த்தியது" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் போதும், கட்சி வந்துவிடும். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து இடதுசாரிகள் லட்சுமி சாகலை நிறுத்தினார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பவர்களும் அரங்கில் இருப்பார்கள். பதவிப் பட்டியலின் குறை வேறு: மாணவர்கள் மனத்தில் அது எதையும் விதைப்பதில்லை.

மூன்றாவது, நிகழ்ச்சியோடு பொருந்தும் ஒரே பணி. என் தேர்வு இதுதான்:

"1979 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அதன் திட்ட இயக்குநர் அதே குழுவுடன் மீண்டும் உழைத்தார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அந்தத் திட்ட இயக்குநர், டாக்டர் அப்துல் கலாம், இன்று நம்மிடையே இருக்கிறார்."

அரை நிமிடம் போதும். கண்காட்சியில் மாதிரி பழுதாகி நிற்கும் மாணவனுக்கு இதில் ஒரு செய்தி உண்டு.

பணியே சாதியைப் பற்றியதாக இருந்தால்? பெஸ்வாடா வில்சனை அழைத்துவிட்டு, மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையையும் அதன் பின்னுள்ள சாதியையும் பேசாமல் மழுப்புவது நடுநிலை ஆகாது. அவர் பிறந்த சாதியைச் சொல்லத் தேவையில்லை. அவர் நடத்தும் போராட்டத்தையும் 2016-இல் பெற்ற மகசேசே விருதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

பதவியில் இருக்கும் அமைச்சருக்கு மட்டும் மூன்றாவது வழி உதவாது. எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் அது பிரசாரமாகிவிடும். அவருக்குப் பெயர், துறை, தொகுதி போதும். உதவியாளர் நீண்ட குறிப்பு அனுப்பினால், எதை வாசிப்பீர்கள் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். மேடையோரம் நின்று பேரம் பேசும் நிலை வராது.