பக்கத்தை எண்ணுவதா, சொல்லை எண்ணுவதா? பத்து நிமிடக் குறும்படக் கணக்கு

போன வருஷம் ஒரே குறும்படப் போட்டிக்கு எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு படம் போனது. ஒன்று கிருஷ்ணகிரிப் பசங்களுடையது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் பங்காளிகள் இருவர் மாந்தோப்பு குத்தகைக்காக வாய்ச்சண்டை போடுவது. இன்னொன்று பென்னாகரத்திலிருந்து நாங்கள் எடுத்தது, ஒகேனக்கல்லில் தண்ணீர் வரத்து கூடியதால் பரிசல் ஓட்டத் தடை போட்ட நாளில் ஒரு பரிசல்காரர் என்ன செய்கிறார் என்பது. விதி ஒன்றுதான்: டைட்டில் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். ஒரு விநாடி கூடினாலும் படத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

அவர்கள் திரைக்கதை 8 பக்கம், எங்களுடையது நாலரை. 'ஒரு பக்கம் ஒரு நிமிடம்' என்று எல்லோரும் சொல்கிற கணக்குப்படி அவர்கள் 8 நிமிடம், நாங்கள் நாலரை நிமிடம். இடம் நிறைய இருக்கிறதே என்று ஒரு ஃப்ளாஷ்பேக் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தோம், நல்லவேளை சேர்க்கவில்லை. ரஃப் கட் முடிந்து பார்த்தால் அவர்கள் படம் 6 நிமிடம் 40 விநாடி, எங்களுடையது 11 நிமிடம் 20 விநாடி, அதுவும் டைட்டில் இல்லாமல்.

பக்கக் கணக்கு பொய் இல்லை, ஆனால் அது பிறந்த இடம் வேறு. ஆங்கிலத் திரைக்கதையை கூரியர் என்ற எழுத்துருவில் 12 பாயிண்டில் அடிப்பார்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அங்குலத்துக்குப் பத்து எழுத்து, ஆறு வரி. வசனம் நடுவில் ஒடுங்கிய பத்தியாக வரும். இப்படி எல்லாம் பூட்டி வைத்திருப்பதால், வசனமும் காட்சியும் கலந்து ஓடும் ஒரு முழுநீளப் படத்தில் அங்கே கூடுவது இங்கே குறைந்து சராசரியாகப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வந்துவிடும். நூறு பக்கத்தில் சரிக்கட்டிக்கொள்கிற பிழை எட்டுப் பக்கத்தில் சரியாகாது. அதோடு கூரியரில் தமிழ் கிடையாது. நாம் தமிழில் தட்டினால் கணினி வேறு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். லதா எழுத்துருவில் அடித்த எங்கள் நாலரைப் பக்கம், அதே 12 பாயிண்டில் நிர்மலாவுக்கு மாற்றியதும் நாலுக்குக் கீழே போனது. எழுத்துருவை மாற்றினால் படம் அரை நிமிடம் குறையுமா என்ன?

சரி, பக்கம் வேண்டாம், சொல்லை எண்ணலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி எடிட்டர் தம்பி அந்தக் கட்சி. நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்து வகுப்பான். அவன் கணக்கு எழுத்துருவுக்கும் ஓரத்துக்கும் அசையாது, அது பெரிய நன்மைதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், இரண்டு திரைக்கதையிலும் மொத்தச் சொல் 710 தான். அதாவது இரண்டும் 7 நிமிடம் 6 விநாடி. அவர்கள் படத்துக்கு ஏறக்குறையப் பொருந்தியது, எங்களுடையதில் நாலு நிமிடத்துக்கு மேல் உதைத்தது.

ஏன் என்று பிரித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். டீக்கடைக் கதையில் 560 சொல் வசனம், மீதி 150 தான் காட்சி விவரம். எங்களுடையதில் வசனம் 110, காட்சி விவரம் 600. வசனத்தில் சொல்லுக்கும் நேரத்துக்கும் உறவு உண்டு, ஏனென்றால் ஒருவர் அதை வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். காட்சி விவரத்தில் அந்த உறவே இல்லை. 'பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்குகிறார்' என்பது ஆறே சொல், லதாவில் ஒன்றரை வரி. படத்தில் அது 35 விநாடி. மூங்கில் பின்னிய அந்தப் பெரிய கூடையைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் நடக்கும்போது அவசரப்படுத்த முடியாது, படிக்கட்டு, பாறை, மணல் என்று மூன்று ஷாட். 'பரிசல் சுழல்கிறது' இரண்டு சொல், 20 விநாடி. ஆனால் கரையோர மீன் கடைகளை வர்ணித்து நான் ஆசை ஆசையாக எழுதிய 40 சொல், திரையில் ஐந்து விநாடி ஷாட் ஒன்றாகப் போய்விட்டது.

வசனத்திலும் சொல் எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, தமிழில் சொல் எங்கே முடிகிறது என்பதே நாம் இடைவெளி விடுவதைப் பொறுத்தது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் மூன்று. அதையே எங்கள் ஊர்ப் பேச்சில் 'வந்துனு இருக்கேன்' என்று எழுதினால் சொல் இரண்டாகிறது, சொல்ல ஆகும் நேரமோ குறைகிறது. அதனால் வசனத்தைப் படத்தில் பேசப்போகிற வட்டாரப் பேச்சிலேயே எழுதிவிட்டு எண்ணுங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் என்று சொல்வதை இங்கே தூக்கி வைக்காதீர்கள், நம் சொல் நீளம். இரண்டு படத்து நடிகர்களையும் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னபோது டீக்கடைச் சண்டையில் 110 வரை போனார்கள், பரிசல்காரராக நடித்த பெரியவர் 80-ஐத் தாண்டவில்லை.

எனவே என் கட்சி இரண்டுக்கும் நடுவில். வசனத்தை மட்டும் எண்ணி, அந்தந்த நடிகர் வாசிக்கும் வேகத்தால் வகுக்க வேண்டும். காட்சி விவரத்தை எண்ணவே கூடாது, போன் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கண்ணை மூடி ஒவ்வொரு ஷாட்டாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும், முடிந்தால் எழுந்து நடந்தே பார்க்க வேண்டும். உட்கார்ந்து யோசித்தால் எல்லாமே வேகமாக முடிந்துவிடுகிறது. பரிசல் தூக்கும் காட்சிக்கு நாற்காலியில் உட்கார்ந்து 15 விநாடி என்று குறித்தேன், வீட்டு மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு இறங்கிப் பார்த்தால் 30 வந்தது.

டீக்கடைப் படத்தில் இப்படிப் போட்டால் 560 சொல்லுக்கு, நூறு வீதம், 5 நிமிடம் 36 விநாடி. டீ ஆற்றுவது, பஸ் வருவது, கடைசியில் ஒருவர் காசை வைத்துவிட்டு எழுந்து போவது எல்லாம் சேர்த்து 65 விநாடி. கூட்டினால் 6 நிமிடம் 41 விநாடி, ரஃப் கட்டோடு ஒரு விநாடிதான் வித்தியாசம். அது அதிர்ஷ்டம், அவ்வளவு துல்லியம் எப்போதும் வராது. எங்கள் படத்தில் வசனம் 1 நிமிடம் 20 விநாடி, ஷாட் ஷாட்டாக அளந்தது 9 நிமிடம் 10 விநாடி, ஆக பத்தரை. உண்மையில் வந்ததைவிட 50 விநாடி குறைவு, ஆனாலும் படப்பிடிப்புக்கு முன்பே இதைப் போட்டிருந்தால் இரண்டு காட்சியை எடுக்காமலே விட்டிருப்போம். நாங்களோ எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் போட்டோம். வசனம் குறைந்த படத்துக்கு இந்த முறையிலும் பத்தில் ஒரு பங்கு கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

டைட்டில் விஷயம் தனி. ஆஸ்கர் குறும்படப் பிரிவில்கூட 40 நிமிடம் என்பது பெயர்கள் எல்லாம் சேர்த்துத்தான். சில போட்டிகளில் பெயர்களுக்குத் தனி நேரம் தருவார்கள், விதியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அப்புறம் எக்ஸ்போர்ட் செய்யும்போது டைம்லைனின் முடிவுப் புள்ளியைக் குறிக்காமல் விட்டால், எங்கோ கிடக்கும் ஒரு ஆடியோ துண்டின் வால்வரை கறுப்புத் திரை ஓடும், அதுவும் கணக்கில் சேரும். அனுப்பும் முன் ஃபைலின் நீளத்தைப் பாருங்கள், டைம்லைனின் நீளத்தை அல்ல.

எங்கள் படத்திலும் ஒரு டீக்கடைக் காட்சி இருந்தது, அந்த ஒன்றரை நிமிடம் போனது, படிக்கட்டு ஷாட் போனது. கடைசியில் 9 நிமிடம் 52 விநாடிக்கு வந்து நின்றது, அதில் டைட்டில் 18 விநாடி. பெயர்கள் ஓடிய வேகத்தில் பரிசலை இரவல் கொடுத்த மாமாவால் தன் பெயரைப் படிக்கவே முடியவில்லை, இன்றுவரை பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறார்.