7.25 டாலர் கூலி: ஏறிய கோடா, இறங்கிய கோடா?

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1968-ல் மணிக்கு 1.60 டாலர். 2009 ஜூலை முதல் 7.25 டாலர். இதைப் பெயரளவு மதிப்பில், அதாவது சட்டத்தில் உள்ள டாலர் எண்ணை அப்படியே எடுத்து வரைந்தால் ஒரு படிக்கட்டு வரும். அதில் இறங்கும் படியே கிடையாது. உண்மை மதிப்பில், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்து வரைந்தால் ரம்பப் பல் மாதிரி வரும். சட்டம் திருத்தும்போது செங்குத்தாக எழும்பி, அடுத்த திருத்தம் வரை சரிந்துகொண்டே போகும்.

கணக்கு எளிதுதான். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரி 1968-ல் 34.8, 2024-ல் 313.7.

```
1.60 × 313.7 ÷ 34.8 = 14.42
```

அதாவது, 1968-ன் கூலி 2024 டாலரில் 14.42. 2024-ல் சட்டம் தந்தது 7.25, ஏறக்குறைய பாதி. 1968 டாலரில் திருப்பிப் போட்டாலும் 1.60-க்கு எதிரே 0.80 என்று அதே பாதிதான் வரும். எந்த ஆண்டின் டாலரில் போட்டாலும் கோட்டின் வடிவம் மாறாது; ஓரத்தில் இருக்கும் எண்கள்தான் மாறும். ஆனால் அந்த ஆண்டைப் படத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத படத்தை நான் நம்புவதில்லை.

அப்போ பெயரளவுப் படம் எதற்கு? சட்டம் என்றைக்கு மாறியது என்பதை அதுதான் பளிச்சென்று காட்டும். 1981 ஜனவரியிலிருந்து 1990 மார்ச் வரை 3.35 டாலர் அசையவே இல்லை. படிக்கட்டில் அது தட்டையான கோடு, 'மாற்றமில்லை' என்று படிக்கத் தோன்றும். ரம்பத்தில் அதே ஒன்பது ஆண்டுகள் நீண்ட சரிவு. வாங்கும் சக்தியைப் பற்றிப் பேசுகிறவர் படிக்கட்டை மட்டும் காட்டினால் பாதிக் கதையை மறைக்கிறார் என்றே சொல்வேன். கடன் தவணை மட்டும் விதிவிலக்கு. நிலையான வட்டிக்கு வாங்கிய வீட்டுக்கடனின் தவணை பணவீக்கத்தோடு ஏறாது. அதைக் கையில் வரும் கூலியோடு ஒப்பிடப் பெயரளவு எண்ணே சரி.

உண்மை மதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்தக் குறியீட்டெண்ணால் வகுத்தார்கள்? 1983-க்கு முன் அமெரிக்கக் குறியீட்டெண்ணில் வீட்டு விலையும் அடமானக் கடன் வட்டியும் நேரடியாக இருந்தன. 1970-களின் கடைசியில் வட்டி எகிறியபோது குறியீட்டெண்ணும் கூடவே எகிறியது. அப்புறம் சொந்த வீட்டுக்கும் 'வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும்' என்று கணக்கிடத் தொடங்கினார்கள். பழைய தொடர் திருத்தப்படவில்லை. அதனால் அதை வைத்து வரைந்தால் 1968-ன் சிகரம் கொஞ்சம் கூடுதல் உயரமாகத் தெரியும். பழைய ஆண்டுகளுக்கும் இன்றைய முறையைப் பொருத்திக் கணக்கிட்ட ஆய்வுத் தொடர் ஒன்றும் இருக்கிறது. அதைப் போட்டால் 14.42 குறையும், ஆனாலும் 7.25-க்கு நன்றாக மேலேதான் நிற்கும்.