பினாசையனாலா, செம்பனை எண்ணெயா? பெட்டிக் கணக்குக்கு எது ஒத்துவரும்

ஒற்றைப் பரிமாணப் பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரான் கணக்கை ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்க, பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு விரிவுரையாளர் முன் இரண்டு சாயங்கள் இருக்கின்றன. ஒன்று பினாசையனால்; வேதிப்பொருள் விற்பவரிடம் சொல்லி வரவழைக்க வேண்டும், மில்லிகிராம் கணக்கில்தான் செலவாகும். மற்றொன்று கடையில் கிடைக்கும் சிவப்புச் செம்பனை எண்ணெய். அதன் நிறம் கரோட்டினிலிருந்து வருகிறது. விலையை மட்டும் பார்த்தால் எண்ணெய்தான் வெல்லும். கணக்கு வேறு கதை சொல்கிறது.

இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே. N பை எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கீழ் மட்டங்களை நிரப்புகின்றன. நிரம்பிய கடைசி மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஓர் எலக்ட்ரானைத் தாவ வைக்கும் ஒளிதான் உறிஞ்சப்படுகிறது. பெட்டியின் நீளமான L-ஐ நானோமீட்டரில் போட்டால் விடையும் நானோமீட்டரில் வரும்:

```
E(n) = n²h² / 8mL²
λ = 8mcL² / h(N+1) = 3297 × L² / (N+1)
```

முதலில் பினாசையனால். இரு நைட்ரஜன்களுக்கும் இடையே ஐந்து கார்பன்கள், அதாவது ஆறு பிணைப்புகள். இரு முனையிலும் எலக்ட்ரான் ஒரு பிணைப்பு தூரம் வெளியே பரவும் என்று வைத்தால் எட்டுப் பிணைப்பு நீளம்: 8 × 0.139 = 1.112 நா.மீ. எலக்ட்ரான்களை எண்ணும் இடத்தில்தான் மாணவர்கள் வழுக்குவார்கள். கார்பன்கள் ஐந்து தருகின்றன, ஒரு நைட்ரஜன் இரண்டு, நேர்மின் சுமந்த மற்றது ஒன்று, மொத்தம் எட்டு. இரு பக்க பென்சீன் வளையங்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். நான்கு மட்டங்கள் நிரம்பி, தாவல் 4-லிருந்து 5-க்கு. விடை 453 நா.மீ.

மெத்தனாலில் அளந்தால் உச்சம் 605-இல் நிற்கிறது. கருவி இல்லாமலே தவறு தெரியும்: 453-இல் உறிஞ்சும் கரைசல் மஞ்சளாக இருக்க வேண்டும், குடுவையில் இருப்பதோ நீலம். வளையங்களுக்குள்ளும் எலக்ட்ரான் மேகம் கசிவதால் பெட்டி உண்மையில் இன்னும் நீளம். அதற்காக எட்டுப் பிணைப்பு நீளத்தோடு α என்ற திருத்தத்தையும் பிணைப்புக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள்; α = 1.245 என்றால் L 1.285 நா.மீ. ஆகி, 605 அப்படியே வரும். வராமல் என்ன, அதை வைத்துத்தானே α-வைப் பிடித்தோம்! ஒரே சாயத்தோடு நிறுத்தினால் இது சோதனையே இல்லை. அதே குடும்பத்தில் சங்கிலி குட்டையான சாயம் 524-இலும், நீளமானது ஏறக்குறைய 706-இலும் உறிஞ்சுகின்றன. நம் α சொல்வது 478, 732. பிழை இருக்கிறது, ஆனால் ஏறுமுகம் சரி. மூன்று சாயமும் வாங்க முடிந்தால்தான் இந்தப் பயிற்சி முழுமை பெறும்.

இப்போது கரோட்டின். பீட்டா கரோட்டினில் 11 இரட்டைப் பிணைப்புகள், 22 எலக்ட்ரான்கள். அதே விதிப்படி 23 பிணைப்பு நீளம், 3.197 நா.மீ. விடை 1465 நா.மீ., அகச்சிவப்பு! உண்மை உச்சம் ஏறக்குறைய 450. இங்கே α கைகொடுக்காது. 450 வர வேண்டுமென்றால் பெட்டி 1.77 நா.மீ. ஆகச் சுருங்க வேண்டும். மூலக்கூறின் முதுகெலும்போ 2.9 நா.மீ. தன் எலும்புக்கூட்டை விடச் சிறிய பெட்டிக்கு அர்த்தமில்லை.

காரணம் பிணைப்புகளில் இருக்கிறது. பினாசையனாலில் நேர்மின் இரு நைட்ரஜன்களிலும் சமமாக அமர முடிவதால் சங்கிலிப் பிணைப்புகள் ஏறக்குறைய ஒரே நீளம். பெட்டியின் தரை சமதளம். கரோட்டினில் குட்டையும் நெட்டையும் மாறி மாறி வருகின்றன, தரை மேடுபள்ளம். வேதியியலாளர் ஹான்ஸ் கூன் 1949-இல் இதற்கென ஓர் உறுப்பைச் சேர்த்தார்:

```
ΔE = h²(N+1)/8mL² + V0(1 − 1/N)
```

மேடுபள்ளத்தின் அளவைச் சொல்லும் V0 சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். கரோட்டினுக்கு 0.846 + 1.909 = 2.755, அதாவது 450 நா.மீ. வியக்க வேண்டாம்; V0-வும் இதே வகைச் சேர்மங்களின் அளவீடுகளுக்குப் பொருத்தி எடுத்த எண்தான். ஆனால் இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெட்டியிலிருந்து வரவில்லை என்பது பளிச்சென்று தெரிகிறது. அதனால் முதல் பயிற்சிக்கு என் தேர்வு பினாசையனால்தான். எண்ணெயை இரண்டாவதாக, மாதிரி எங்கே உடைகிறது என்று காட்ட வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை அளவுகள்: பினாசையனால் குளோரைடு 3.9 மி.கி.யை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்து, அதில் 3 மி.லி. எடுத்து மீண்டும் 100 மி.லி. ஆக்கினால் போதும். தண்ணீரில் கரைக்காதீர்கள்; மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு உச்சம் குட்டை அலைநீளத்துக்கு நகரும். 560 பக்கத்தில் ஒரு தோள் எப்போதும் தெரியும், அதை உச்சம் என்று குறிக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் பாதியாக நீர்த்துப் பாருங்கள்: தோளும் உச்சமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அடுக்கல் இல்லை. கரைசலை வெளிச்சத்தில் விட்டால் வெளிறும்.

எண்ணெய்க்கு 0.1 கிராமை 25 மி.லி. ஹெக்சேனில் கரைத்தால், கரோட்டின் 500 பிபிஎம் அளவில் இருக்கும் எண்ணெய் ஏறக்குறைய 0.5 உறிஞ்சல் காட்டும். பிளாஸ்டிக் குவெட்டை ஹெக்சேன் கெடுக்கும், கண்ணாடி வேண்டும். எண்ணெயில் ஆல்பா கரோட்டினும் கலந்திருப்பதால் உச்சம் 450-க்குச் சற்றுக் கீழே விழுந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். செம்பனை எண்ணெய்த் துறையின் சோதனை முறையே கரோட்டினை 446-இல்தான் அளக்கிறது.