சூயஸ் கால்வாய்ல கப்பல் வேகம் 8 நாட் (knot) இருக்கணுமா, 13 நாட்டா?

2021 மார்ச் 23, எவர் கிவன். 400 மீட்டர் கப்பல், கால்வாய்ல குறுக்க மாட்டிக்கறதுக்கு முன்னாடி 13 நாட் வேகத்துக்கு மேல போயிட்டிருந்துச்சு, ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல். அங்க லிமிட் 8 நாட் சுமார்தான்.

8ல போனா கப்பல் தள்ளுற தண்ணி ரெண்டு பக்கமும் நிதானமா பின்னாடி போகும். 13ல அதே இடுக்குல வேகமா ஓடணும், ஓடுற தண்ணில அழுத்தம் குறையும், மட்டமும் இறங்கும், கூடவே கப்பலும் அமுங்கும், அதான் ஸ்குவாட். வேகத்தோட வர்க்கத்துல ஏறும், சும்மா கணக்குப் போட்டா 8ல 0.9 மீட்டர், 13ல 2.4 மீட்டர் கிட்ட.

ஆனா அங்க ஆழம் 24 மீட்டர், அடி தட்டிடும்னு பயமில்ல. வில்லன் கரைதான். கொஞ்சம் ஒரு பக்கமா ஒதுங்கினாலே அந்த இடுக்குல தண்ணி இன்னும் வேகமாகி பின்பக்கத்த கரைக்கு இழுக்கும், மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பும். எவர் கிவன் மூக்கு கிழக்குக் கரைல சொருகி நின்ன மாதிரி.

அப்போ ஏன் 13? அன்னிக்கு பலமான காத்து, கன்டெய்னர் அடுக்கு பாய்மரம் மாதிரி, மெதுவா போனா சுக்கான் பிடிக்காது. இது நிஜமான சிக்கல்தான். ஆனா வேகம் கூட்டினா கரையோட இழுப்பும் சேர்ந்து ஏறுதே! என் ஓட்டு 8 நாட், கூடவே டக்னு சொல்ற இழுவைப் படகு, காத்து அதுக்கும் மேல போனா உள்ளயே வராதீங்க.

கரையோரத் தண்ணி உள்வாங்குது, ஆர்பிஎம் மாறாமலே வேகம் குறையுதுன்னா உடனே இன்ஜின கொறைங்க, படிப்படியா.