மதிய உணவுப் பெட்டிக்கு முன்பணம் கட்டுமுன் சமைக்கும் நேரத்தைக் கேளுங்கள்

எங்கள் குடியிருப்போர் குழுவில் இல்லத்தரசி ஒருவர் அனுப்பிய சிறு செய்தியை நம்பி நானும் என் மனைவியும் பணத்தை இழந்தோம். நான் ஒரு நாள் முழுக்க வாந்தியோடு படுக்கையிலும் கிடந்தேன். அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்தச் செய்தியில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் இதே மாதிரியான செய்திகளைப் பலரும் தினமும் பார்க்கிறீர்கள்.

செய்தி நான்கே வரிகள்தான். வீட்டில் சமைத்த மதிய உணவு, தனிப் பெட்டிக்கு ஒரு விலை, மாதம் முழுவதும் எடுத்தால் அதைவிடக் குறைந்த விலை, காலை 8 மணிக்குள் வாசலில் வந்து சேரும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்களுக்குக் கடைசி வரி பெரிய வசதியாகத் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆளுக்கொரு பெட்டியாக 22 வேலை நாள்களுக்கு முன்பணம் கட்டினோம்.

அந்த 8 மணிதான் சிக்கலின் வேர் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பல வீடுகளுக்கு 8 மணிக்குள் பெட்டி போய்ச் சேர வேண்டுமென்றால் அடுப்பு விடியுமுன்பே எரிந்திருக்க வேண்டும். பின்னர் நான் கேட்டபோது, 5 மணிக்கே சோறு வடித்துச் சூட்டோடு பெட்டியில் போட்டு மூடிவிடுவதாக அவரே சொன்னார். நான் சாப்பிடுவதோ மதியம் 1.30 மணிக்கு. இடைப்பட்ட எட்டரை மணி நேரமும் அந்தச் சோறு சூடாகவும் இல்லை, குளிர்ந்தும் இல்லை. வெதுவெதுப்பாகவே மூடிக் கிடந்தது.

சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் விதி. சோற்றுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் விதைநுண்மங்கள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பு கிடைத்ததும் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. அலுவலக மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகுதான் நான் தினமும் சாப்பிட்டேன், அதுவே போதும் என்று நம்பியும் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தபோது அதன் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள் கோத்திருந்தன, சோற்றின் ஓரம் லேசாகப் பிசுபிசுத்தது. வாடை எதுவும் வரவில்லை என்பதால் சாப்பிட்டுவிட்டேன். 4 மணிக்கு வாந்தி தொடங்கியது. அன்று விடுப்பில் வீட்டில் இருந்த என் மனைவி, வந்த பெட்டியை உடனே குளிர்பெட்டியில் வைத்து மதியம் சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதனை எதுவும் செய்யாததால் அந்தப் பெட்டிதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனாலும் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் தொடங்கிய வாந்தியும், ஒரே சமையலை உண்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் வந்த பாதிப்பும் என் சந்தேகத்தை வலுவாக்குகின்றன.

மறுநாள் மீதி 13 நாள்களுக்கான பணத்தைக் கேட்டேன். "மாதக் கணக்குக்குப் பணம் வாங்கினால் திருப்பித் தருவதில்லைங்க, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். அந்த நிபந்தனை செய்தியில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. பணம் வாங்கும்போதும் அவர் சொல்லவில்லை. கேட்காதது என் தவறுதான், அதற்காகச் சொல்லாதது சரியாகிவிடாது.

ஆகவே பணம் கட்டுமுன் அடுப்பிலிருந்து எத்தனை மணிக்கு இறக்குகிறார்கள், ஆறவைத்து மூடுகிறார்களா சூட்டோடு மூடுகிறார்களா, இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். முதல் வாரம் தனிப் பெட்டியாகவே வாங்குங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. காலையில் வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள்: உள்ளே நீர் கோத்து, பெட்டி கையில் வெதுவெதுப்பாக இருந்தால் அதை மதியம் வரை பையில் வைத்திருக்க வேண்டாம்.

எங்கள் பணம் இன்று வரை வரவில்லை. அதே நான்கு வரிகள் நேற்றுக் குழுவில் மறுபடியும் வந்திருக்கின்றன. சமைக்கும் நேரம் இந்த முறையும் அதில் இல்லை.